டோஸ்ட் சொல்ல வந்த அக்காவும் ஒரு பட்டர் பன்னும்

1

இன்று என் தம்பி சேவியருக்கு முதல் திருமண நாள். காலை ஷிப்ட் முடிந்து, நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கும்போது வாழ்த்து அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். அவன் முந்திக்கொண்டு ஒன்று அனுப்பியிருந்தான். வாய்ஸ் மெசேஜ்.

மற்ற வீடுகளில் இது ஒரு விஷயமே இல்லை. எங்கள் வீட்டில் விஷயம்தான். சேவியருக்குத் திக்குவாய். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்களே, அந்த மாதிரி இல்லை. அவனுக்கு வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். வாய் திறந்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், சத்தம் மட்டும் வராது. நேரில் என்றால் எதிரில் இருப்பவருக்கு முகமாவது தெரியும். போனில் என்றால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து 'ஹலோ, ஹலோ' என்று கத்துவார்கள். அதனால் நான் ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து அவனும் நானும் பேசிக்கொள்வதெல்லாம் எழுத்தில்தான்.

மெசேஜைத் தட்டினேன். ஃபேன் சத்தம். எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன். பிறகு 'அக்கா' என்றான். பிறகு ஒன்றும் இல்லை, ஃபேன் மட்டும். பஸ் வந்தது, நிறுத்திவிட்டேன். நிறுத்தியதற்கு பஸ் காரணம் இல்லை என்று எனக்கே தெரியும். அவன் என்ன சொல்ல வருகிறான் என்று எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. எனக்கு இருக்கிற வியாதியே அதுதான். அந்த வியாதி எனக்கு எப்படிப் பிடிபட்டது என்பதைத்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். மீதி மெசேஜ் போனிலேயே இருக்கட்டும்.

2

மயிலாப்பூரில் மாடவீதிகளைத் தாண்டிக் கடல் பக்கமாக நடந்தால் எங்கள் பங்கு, அதாவது எங்கள் மாதா கோயில் வட்டாரம், வந்துவிடும். எங்கள் கத்தோலிக்கக் கல்யாணங்களில் காலையில் கோயிலில் பூசை, மாலையில் ஹாலில் ரிசப்ஷன். ரிசப்ஷனுக்கு ஒரு வரிசை உண்டு. மணமக்கள் பாட்டோடு உள்ளே வருவார்கள், கேக் வெட்டுவார்கள், அடுத்தது டோஸ்ட். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கையில் திராட்சை ரசக் கிளாஸோடு எழுந்து மணமக்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, கிளாஸை உயர்த்தி அவர்கள் பேரைச் சொல்வார். ஹாலே எழுந்து நின்று அதைத் திருப்பிச் சொல்லி ஒரு வாய் குடிக்கும். அதற்கு மாப்பிள்ளை மைக்கை வாங்கிப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பேர் ரிப்ளை. ரிப்ளை முடிந்தால்தான் மற்ற வாழ்த்து, பரிசு, பிரியாணி எல்லாம்.

எங்கள் அப்பா அம்மா இருவரும் இப்போது இல்லை. ஞானஸ்நானத்தில் அவனுக்குப் பொறுப்பேற்ற ஞானத்தகப்பனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீடு என்றால் நான்தான், நான் மட்டும்தான். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் சேவியர் எழுதினான்.

"அக்கா, டோஸ்ட் நீ சொல்லணும். ரிப்ளையும் எனக்குப் பதிலா நீயே சொல்லிடு. என்னால முடியாது."

அம்மாவின் அடக்கத்தன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு என் விசா பேப்பர்கள் இங்கே அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு, அடக்கம் முடிந்த பிறகுதான் ஊர் போய்ச் சேர்ந்தேன். வந்தவர்களுக்கு நன்றி சொல்லச் சேவியர் மைக் முன்னால் நின்றானாம். வாய் திறந்தபடியே நின்றானாம். யாரோ பாவப்பட்டு மைக்கை வாங்கித் தாங்களே சொல்லி முடித்துவிட்டார்களாம். அவன் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டான். அதற்கப்புறம் கூட்டத்துக்கு முன்னால் அவன் பேசியதே இல்லை.

இப்போது ஹால் நிறையப் பெண் வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். ரிப்ளையை நான் சொன்னால் மாப்பிள்ளைக்குப் பேச வராது என்று அன்றைக்கே முத்திரை குத்திவிடுவார்கள். அவன் சொன்னால் அடக்கத்தன்று நடந்தது மறுபடி நடக்கும். எது நடந்தாலும் அவனுக்குப் பக்கத்தில் நிற்க என்னை விட்டால் நாதி இல்லை. கிணறா, குளமா, எதில் விழுவது என்பதுதான் கேள்வி.

3

ஊருக்குப் போவதே பெரும்பாடாக இருந்தது. என் விசா அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கையில் வருகிற வரை வெளியே போய்த் திரும்பி வர ஓர் இடைக்காலச் சான்று வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த பெண்மணி, எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். என் தம்பிக்கு வேறு யாரும் இல்லை, நான் போகாவிட்டால் மேடையில் அவன் பக்கம் காலியாக இருக்கும் என்று சொல்ல நினைத்தேன். அது ஜெர்மனில் வரவில்லை. முதல் வார்த்தையிலேயே நின்றேன். அந்த அம்மா அன்பாகச் சிரித்து, "விடுமுறைக்கா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அப்படியே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார்.

இது எனக்குப் புதிதில்லை. வந்த புதிதில் எங்கள் தெரு ரொட்டிக்கடையில் ஒருநாள் வெறும் கோதுமை ரொட்டி கேட்க வாயெடுத்தேன். வார்த்தை தேடுவதற்குள் கடைக்காரப் பெண், "சூரியகாந்தி விதை போட்டதுதானே?" என்று எடுத்துக் கட்டிவிட்டாள். அவள் முகத்தில் உபகாரம் செய்த அத்தனை திருப்தி. அன்றிலிருந்து என் தலையைப் பார்த்தாலே அவள் அதைத்தான் எடுப்பாள். எனக்கு அந்த விதை பல்லில் மாட்டும், பிடிக்கவே பிடிக்காது. வருஷக்கணக்கில் அதைத்தான் சாப்பிட்டோம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் என் மகள் ஆஞ்சி சிரிப்பாள். இங்கே பிறந்தவள், பதின்மூன்று வயசு. தமிழ் புரியும், பேசத்தான் யோசிப்பாள். அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

4

சொற்பொழிவு எழுத எனக்கு எங்கே தெரியும்? கம்ப்யூட்டரில் தேடினேன். தம்பி கல்யாணத்தில் அக்கா பேசும் டோஸ்ட் என்று தட்டினால் வந்து கொட்டுகிறது. பிடித்ததை எடுத்துத் தமிழாக்கிக் கோத்தேன். விமானத்தில் படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிற்று.

'இரு உள்ளங்கள் இணையும் இந்தப் பொன்னாளில்' என்று ஆரம்பம். 'சேவியர் என் தம்பி மட்டுமல்ல, என் முதல் நண்பன். எந்தத் துன்பத்திலும் எனக்குத் தோள் கொடுத்தவன். அவன் மனத்தில் நினைப்பது என்ன என்று அவன் சொல்லாமலே எனக்குத் தெரியும். எங்கே போனாலும் தன் இனிய பேச்சால் அனைவரையும் கவர்ந்துவிடுவான்.'

மயிலாப்பூர் வீட்டில் பெட்டியைப் பிரிக்கும்போது ஆஞ்சி அதை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மம்மி, இது யாரு?"

"யாருன்னா? உன் மாமாதான்."

"மாமா இனிய பேச்சு பேசுவாரா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுதும்போது கண்ணில் படவேயில்லை. அவள் விடவில்லை. கடைசிப் பத்தியில் விரலை வைத்தாள். 'இறைவன் அருளால் மணமகன் பெயர் மணமகள் பெயர் இருவரும்' என்று இருந்தது. பேரைப் போட வேண்டிய இடத்தில் போட மறந்து அப்படியே பிரதி எடுத்திருக்கிறேன்.

ஆஞ்சி பென்சிலை எடுத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கட்டுரையை இப்படித்தான் திருத்துவார்களாம். ஒவ்வொரு வரியாக, "இது வேற ஒரு தம்பிக்குச் சொன்னா பொருந்துமா?" என்று கேட்க வேண்டும். பொருந்தினால் அடி. முதல் நண்பன், அடி. தோள் கொடுத்தவன், அடி. பொன்னாள், அடி. எல்லாம் போய் 'சேவியர்' என்ற பேரும் என் பேரும் மட்டும் மிஞ்சின.

எனக்கு அழுகை முட்டியது. கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. கூடப் பிறந்தவனைப் பற்றி அவனுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு வரி என் கையில் இல்லை. 'நீ அக்காவா, இல்லை வாழ்த்து அட்டையா?' என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

5

அடித்த வரி ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு கேள்வி எழுதச் சொன்னாள் ஆஞ்சி. 'தோள் கொடுத்தான்' என்றால் எப்போது, எங்கே, அவன் கையில் என்ன இருந்தது? இனிமை, அன்பு என்று குணத்தைச் சொல்லக் கூடாது, நடந்ததைச் சொன்னால் கேட்கிறவர்கள் குணத்தைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள் என்றாள். டீச்சர் சொன்னதாம். யார் சொன்னால் என்ன, அதில் விஷயம் இருந்தது.

தோள் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவன் கை ஞாபகம் வந்தது. நான் நர்சிங் படிக்கும்போது ஹாஸ்டலில் காய்ச்சலாகக் கிடந்தேன். அம்மா ஃபிளாஸ்க்கில் ரசம் கொடுத்துச் சேவியரை அனுப்பியிருக்கிறாள். அவன் அப்போது பள்ளிக்கூடப் பையன். வாசலில் வாட்ச்மேன், "இன்னா வோணும், யாரப் பாக்கணும்?" என்று அதட்ட, இவனுக்கு ரோஸ்லின் என்ற என் பேர் வரவில்லை. திரும்பிப் போய்விடவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் என் பேரை எழுதி, கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறான். பிறகு அந்த வாட்ச்மேனே என்னிடம் வந்து சொன்னார், "உன் தம்பியா அது? கைய எறக்கவே இல்லம்மா."

இது வேறு தம்பிக்குப் பொருந்தாது. எழுதிக்கொண்டேன்.

அடுத்தது என் கைச்சரக்கிலேயே ஒசத்தியானது. பட்டர் பன் கதை. பள்ளிக்கூடம் விட்டு லஸ் முனை பேக்கரியில் தினமும் நிற்போம். சேவியர் கடைக்காரரைப் பார்த்து வாயைத் திறப்பான், வராது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நான் முன்னால் போய், "ரெண்டு பட்டர் பன்" என்பேன். அவன் தலையாட்டுவான். வருஷக்கணக்கில் இப்படித்தான். அவனுக்குப் பட்டர் பன் என்றால் உயிர், அவன் வாய் திறக்குமுன் எனக்குத் தெரிந்துவிடும். 'சொல்லாமலே எனக்குத் தெரியும்' என்ற டெம்ப்ளேட் வரிக்கு இதைவிட நல்ல நிரூபணம் உண்டா? எழுதி முடித்தபோதுதான் மூச்சு வந்தது.

6

டோஸ்ட்டை எழுதியவர் தன் காதாலேயே சோதிக்கக் கூடாது, குடும்பக் கதை தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். எங்கே அவர்கள் முழிக்கிறார்களோ அங்கே நமக்கு மட்டும் புரிகிற சங்கதி நுழைந்துவிட்டது என்று அர்த்தம். நான் பிடித்தது கல்யாணப் பெண்ணையே. விமலா அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். ரவிக்கை வாங்க என்னோடு தி.நகர் வந்தவளை, பாண்டி பஜாரில் ஒரு காபிக் கடையில் உட்காரவைத்து வாசித்தேன்.

உள்ளங்கைக்கு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பட்டர் பன்னுக்குச் சிரிப்பாள் என்று நிமிர்ந்தேன். அவள் கப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. அவருக்குப் பட்டர் பன் பிடிக்காது."

"யாருக்கு?"

"அவருக்குத்தான். நாங்க மொத மொத வெளிய போனப்ப அந்தக் கடைக்குத்தான் கூட்டிட்டுப் போனாரு. என்ன வேணும்னு கேட்டேன். பதில் வர ரொம்ப நேரமாச்சு. எங்க கிளாஸ் பசங்க மாதிரிதானேன்னு நான் பாட்டுக்கு நின்னேன். பப்ஸுன்னாரு. அப்புறம் ஒரே சிரிப்பு. ஏன் சிரிக்கிறீங்கன்னா, இந்தக் கடையில இன்னிக்குத்தான் எனக்கு வேணும்ங்கிறத நானே கேட்டு வாங்கறேன், சின்ன வயசுல அக்கா பன் சொல்லிடுவான்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

எப்படிச் சொல்வான்? சொல்ல ஆரம்பித்தால் நான்தான் முடித்து வைத்திருப்பேனே.

என் மனசு பன்னில் நிற்கவில்லை. நேராக ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டது. நான் முதல் தடவை ஜெர்மனிக்குக் கிளம்பிய நாள். அப்பா ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தார், அம்மா மூட்டு வலியோடு வீட்டில். வழியனுப்ப வந்தது சேவியர் ஒருவன்தான். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை. பின்னால் டிராலிகள் இடித்தன. நான், "பத்திரமா போய்ட்டு வான்னு சொல்ற, அதானே? சரிடா, போய்ட்டு வரேன்" என்று சிரித்தேன். தலையை ஆட்டினான். நான் உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கும் அது பட்டர் பன்தானா? அவன் சொல்ல வந்தது வேறா? இத்தனை வருஷமாக என் தம்பி சொன்னான் என்று நான் பொத்திவைத்திருக்கிற வாக்கியங்களில் அவனுடையது எது, என்னுடையது எது? சூரியகாந்தி விதை ரொட்டியைத் தின்று தின்று, நம் வார்த்தையை இன்னொருவர் முடித்துவைத்தால் எப்படி இருக்கும் என்று அறிந்தவள் நான். அதையே அவனுக்குச் செய்துவிட்டு, அதைப் பாசம் என்று மேடையில் வாசிக்க இருந்தேன்.

7

மறுநாள் கோடம்பாக்கம் போனேன். சேவியர் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் சவுண்ட் எடிட்டர். மற்றவர்கள் பேசியதில் இருமல், தடுமாற்றம், தேவையில்லாத இடைவெளி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துச் சுத்தமாக்குவது அவன் வேலை. வெளியே டீக்கடையில் நின்றோம். ஆஞ்சியும் வந்திருந்தாள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். இவள் தமிழைத் தேடுவாள், அவன் காத்திருப்பான். அவனுக்கு வார்த்தை நிற்கும், இவள் டீயைக் குடித்துக்கொண்டு காத்திருப்பாள். இரண்டு பேருக்கும் எந்த அவசரமும் இல்லை. நான்தான் அவசரப்படுகிற ஆள்.

"பப்ஸாடா?" என்றேன்.

அவன் முகம் சிவந்தது. சிரித்தான். அவனுக்கு ரகசியம் வெளிப்பட்டதில் வருத்தம் இல்லை, நிம்மதி மாதிரிதான் இருந்தது.

டோஸ்ட்டில் மற்றவர்களின் ஊனத்தையோ ரகசியத்தையோ கேட்காமல் எடுக்கக் கூடாது. அதனால் கேட்டேன். "உனக்குத் திக்கறதை நான் சொல்லலாமா? வேணாம்னா எடுத்துடறேன்."

அவன் வாயைத் திறந்தான். என் நாக்கு நுனியில் இரண்டு பதில் தயாராக இருந்தது. ஆஞ்சி என் காலை மிதித்தாள். நின்றேன். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவன் கழுத்தைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை, டீ கிளாஸைப் பார்த்தேன்.

"சொல்லு" என்றான். "பாவம்னு... தோணக் கூடாது."

என் இரண்டு பதிலிலும் இது இல்லை.

"சரி. ரிப்ளை?"

அதற்கு அவன் போனில் தட்டிக் காட்டினான். "நானே சொல்றேன். நீ நடுவுல வராதே."

ஏர்போர்ட்டைப் பற்றிக் கேட்க அப்போது வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பதிலைக் கேட்கிற தைரியம் எனக்கில்லை.

அன்று உட்கார்ந்து மறுபடி எழுதினேன். பன் கதையை நீக்கவில்லை, நான் தோற்ற கதையாக மாற்றினேன். ஏர்போர்ட்டை எழுதிவிட்டு அடித்தேன், அது என் புண், டோஸ்ட் மணமக்களுக்கு உரியது. விமலா வந்தே ஆக வேண்டும், மாப்பிள்ளையைப் பற்றி மட்டுமே பேசுகிற டோஸ்ட் பாதி டோஸ்ட்தான். பூசைக்குப் பாடுகிற குழுவில் அவர்கள் சந்தித்ததைச் சேர்த்தேன். சேவியருக்குப் பாட்டில் திக்காது. பாடிவிட்டு யாரோடும் பேசாமல் போகிறவனை, திமிர் பிடித்தவன் என்று நினைத்திருக்கிறாள் விமலா. உரக்க வாசித்து, மூச்சு முட்டிய வரிகளை இரண்டாக வெட்டினேன். பிரியாணிக்குக் காத்திருக்கிற கூட்டம் மூன்று நிமிஷத்துக்கு மேல் தாங்காது. கடைசி வரி கிளாஸை உயர்த்தத் தோதாகச் சின்னதாக இருக்க வேண்டும்.

8

கேக் வெட்டியாயிற்று. விமலாவின் பெரியப்பா கையில்தான் மைக். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கணீரென்ற குரல். "இப்போது மாப்பிள்ளையின் அக்கா டோஸ்ட் சொல்வார்கள்" என்றார். என் பக்கத்து நாற்காலிகளில் ஆஞ்சியைத் தவிர ஆள் இல்லை. எதிரே ஹால் கொள்ளாத சனம்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ரோஸ்லின். பிரியாணி வாசனை எனக்கும் வருது, சீக்கிரம் முடிச்சுடறேன். என் தம்பிக்குப் பேச்சு திக்கும். அவனைக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். சின்ன வயசுல அவன் வாயைத் தொறந்தா, நான் முடிச்சுவெப்பேன். லஸ்ல ஒரு பேக்கரி. தினம் ரெண்டு பட்டர் பன் வாங்குவேன். அவனுக்கு அதுன்னா உசுருன்னு ஜெர்மனி வரைக்கும் சொல்லிவெச்சிருக்கேன். இந்த வாரம்தான் விமலா சொன்னா. அவனுக்கு வேண்டியிருந்தது பப்ஸ்."

ஹால் சிரித்தது. சேவியரும் சிரித்தான்.

"வேண்டாத பன்னை அத்தனை வருஷம் எனக்காகத் தின்னவன் என் தம்பி. நான் ஹாஸ்டல்ல காய்ச்சலா கெடந்தப்ப ஃபிளாஸ்க்ல ரசம் எடுத்துட்டு வந்தான். வாசல்ல என் பேர் வாய்ல வரல. உள்ளங்கையில எழுதி, உள்ள விடற வரைக்கும் கையை எறக்காம வெயில்ல நின்னான். அவன் சொல்ல நெனச்சா எப்படியும் சொல்லிடுவான். நமக்குத்தான் நிக்கத் தெரியணும். விமலாவுக்குத் தெரிஞ்சிருக்கு. கோயில் பாட்டுக் குழுவுல இவனைத் திமிர் பிடிச்சவன்னு நெனச்சவ, அந்த பேக்கரியில என்ன வேணும்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நின்னா. நான் அவனுக்கு எல்லாம் செஞ்சேன், அது ஒண்ணைத்தான் செய்யல. எல்லாரும் எழுந்து நில்லுங்க. இவங்க வீட்டுல பேச்சுக்கு எப்பவும் அவசரம் இல்லாம இருக்கட்டும். சேவியர், விமலா!"

"சேவியர், விமலா!" என்றது ஹால். குடித்தார்கள். உட்கார்ந்தார்கள். பெரியப்பா மைக்கைச் சேவியரிடம் கொடுத்தார்.

அவன் எழுந்தான். வாயைத் திறந்தான்.

வரவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, அதுவும் நின்றது. அம்மாவின் அடக்கத்தில் நான் பார்க்காததை இப்போது கண்ணெதிரே பார்த்தேன். அந்தக் கழுத்து நரம்பு, அந்தத் திறந்த வாய். 'வந்த எல்லாருக்கும் நன்றின்னு சொல்றான்' என்று ஒரே ஒரு வரி நான் எழுந்து சொன்னால் போதும், எல்லாருக்கும் விடுதலை. என்னை நம்ப முடியாமல் கிளாஸில் மிச்சமிருந்த திராட்சை ரசத்தை வாயில் ஊற்றிக்கொண்டேன், விழுங்கவில்லை. வாய் நிறைய இருந்தால் பேச முடியாதல்லவா? இயேசுவே, இவனை விட்டுவிடாதேயும் என்று உள்ளுக்குள் கதறினேன்.

பெரியப்பா பொறுக்கமாட்டாமல், "மாப்பிள்ளைக்குச் சந்தோஷத்துல..." என்று மைக்குக்குக் கை நீட்டினார். விமலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தபடியேதான், ஆனால் விடவில்லை.

"எல்லாருக்கும்..." என்றான் சேவியர். நின்றான். "நன்றி."

கைதட்ட ஆரம்பித்தார்கள். அவன் இன்னும் மைக்கைக் கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினான். மறுபடி வார்த்தை நின்றது, மறுபடி எல்லாரும் காத்திருந்தார்கள். இந்தத் தடவை ஹாலில் யாரும் அசையவில்லை.

"அக்கா, பன்னும்... நல்லாத்தான் இருந்துச்சு."

அதற்குப் பிறகுதான் வாயில் இருந்ததை விழுங்கினேன். கண்ணீரும் அதுவும் கலந்து ஒரே உப்பும் இனிப்புமாக இருந்தது.

9

நாலாம் நாள் திரும்பிவிட்டோம். ஏர்போர்ட்டுக்கு இருவரும் வந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நான் நின்று நின்று பார்த்தேன். அவன் கையை மட்டும் அசைத்தான். அன்றைக்கு என்ன சொல்ல வந்தான் என்று நானும் கேட்கவில்லை. ஒரு வருஷமாக அந்தக் கேள்வியோடுதான் வேலைக்குப் போய் வருகிறேன். ரொட்டிக்கடையில் மட்டும் ஒரு மாற்றம், ஒருநாள் அந்தப் பெண் கையை நீட்டுமுன், "வேண்டாம், பொறுங்கள்" என்றேன். கோதுமை ரொட்டி வாங்க வெகுநேரமானது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

இதுவரை எழுதிவிட்டுப் போனை எடுத்து மெசேஜை முதலிலிருந்து கேட்டேன். ஆஞ்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஃபேன். ஹாரன். 'அக்கா.' பிறகு அந்த நீளமான மௌனம். நினைத்திருந்தால் அவன் அதை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பியிருக்கலாம், அவன் தொழிலே அதுதான். வெட்டாமல் அப்படியே அனுப்பியிருக்கிறான்.

"அன்னிக்கு ஏர்போர்ட்ல," என்றான். ஃபேன் சுற்றியது. "போகாதேன்னு... சொல்ல வந்தேன்."

அவ்வளவுதான் மெசேஜ்.

அன்றைக்கு அவன் அதைச் சொல்லி முடித்திருந்தால் போயிருப்பேனா, தெரியாது. போயிருக்கலாம். போகாமல், அம்மா சாகும்போது பக்கத்தில் இருந்திருக்கலாம். எதுவும் தெரியாது. பதில் அனுப்ப வேண்டும் என்று வாய்ஸ் பொத்தானை அழுத்தினேன். என்ன சொல்ல? மன்னிப்பு என்பதா, வந்துவிடுகிறேன் என்பதா? சேவி என்று கூப்பிட்டேன். மேலே வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குச் சொந்தத் தமிழில் வார்த்தை நின்றது. ஆஞ்சி என் வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். விரல் நழுவி அது அப்படியே போய்விட்டது, என் மூச்சும் சுவர்க்கடிகாரச் சத்தமுமாக.

கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து எழுத்தில் வந்தது.

"அவசரம் இல்லக்கா. நீயே முடி."